யூடியூப் சேனல் கேள்வி-பதில்: டாபிக் மாற்றிய பிறகு வரும் சதவீதக் குழப்பம்

சமையல் சேனலை ஆடு வளர்ப்புக்கு மாற்றினேன். Returning viewers 40 சதவீதத்திலிருந்து 16க்கு விழுந்துவிட்டது. சமையலுக்கே திரும்பிவிடவா? – திருமங்கலம்

சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? ஆள் கணக்கு வேண்டும். நல்லவேளை, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்கிறது. மாற்றும் முன் 28 நாளில் சுமார் 20,000 பேர். அதில் திரும்பி வந்தவர்கள் 8,000. இப்போது 50,000 பேர்; திரும்பி வந்தவர்கள் அதே 8,000. புதியவர்கள் 12,000லிருந்து 42,000 ஆனதால்தான் சதவீதம் சரிந்தது.

ஆனால் அந்த 8,000 பேரும் அதே ஆட்கள்தானா? குழம்பு பார்க்க வந்தவர்கள் போய், ஆடு வளர்ப்பவர்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். பழைய சமையல் வீடியோக்களே இன்னும் ஆளை இழுத்துக்கொண்டும் இருக்கலாம். ஆடு வீடியோக்களை வெளியான வரிசையில் தனித்தனியாகத் திறந்து, ஒவ்வொன்றின் Audience பக்கத்தையும் பாருங்கள். முதல் இரண்டு, மூன்றில் திரும்பி வருவோர் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். பழைய கூட்டம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஐந்தாவது, ஆறாவதில் மறுபடி ஏறினால் புதுக் கூட்டம் ஒட்டுகிறது. புதியவர்கள் வந்துகொண்டே இருந்தும் அது ஏறவில்லையென்றால், கிடாய்க்குத் தீவனம் என்ன என்று ஒரு வீடியோவில் தெரிந்துகொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்போது தொடர்ச்சி உள்ள வீடியோ போடுங்கள்: குட்டி வாங்குவது, தடுப்பூசி, விற்பனை என்று. சமையலுக்குத் திரும்ப வேண்டாம்.

எனக்கு 40லிருந்து 75 சதவீதம் ஏறிவிட்டது. டாபிக் மாற்றியது ஒர்க்அவுட் ஆகிவிட்டதுதானே? – மேலூர்

இல்லை. 20,000 பேர் பார்த்த சேனலை இப்போது பார்ப்பது 6,000 பேர். திரும்பி வருபவர்களும் 8,000லிருந்து 4,500 ஆகிவிட்டார்கள். புதியவர்கள் 1,500 பேர்தான். ஆள் கணக்கு பாருங்கள், ஆள் கணக்கு.

மாற்றிப் பத்து நாள் ஆகிறது. எதுவுமே புரியவில்லை. – உசிலம்பட்டி

புரியாது. 28 நாள் கணக்கில் 18 நாள் இன்னும் பழைய டாபிக்குடையது. அது முழுக்கக் கழியட்டும். தினக் கணக்கைக் கூட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒரே ஆள் நான்கு நாள் வந்தால் நான்கு முறை விழும்.

ஒரே நாளில் சதவீதம் பாதியாகச் சரிந்தது. சேனலுக்கு ஏதாவது தண்டனையா? – மாட்டுத்தாவணி

அன்றைக்கு எந்த ஷார்ட்ஸ் ஓடியது என்று பார்த்தீர்களா? வைரலான ஒரே ஷார்ட்ஸ் புதியவர்களைக் கொட்டினால் சதவீதம் விழும். அது அடங்கியதும் தானே ஏறும்.

என் ஸ்டூடியோவில் New, Casual, Regular என்று காட்டுகிறது. மாற்றி மூன்று மாதம் ஆகியும் Regular குறைந்துகொண்டே போகிறதே? – வாடிப்பட்டி

Regular ஆக, கடந்த 12 மாதத்தில் 6 மாதமாவது பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் முன்பு வந்தவர் அதில் சேரவே முடியாது. இப்போது குறைவது முழுக்கப் பழைய டாபிக் ஆட்கள். நீங்கள் பார்க்க வேண்டியது Casual எண்ணிக்கை, அதாவது 6 மாதத்துக்கும் குறைவாகப் பார்த்தவர்கள். இன்னொன்று: ஓராண்டுக்கு மேல் சேனல் பக்கமே வராதவர் திரும்ப வந்தால் New கணக்கில்தான் சேருவார்.