கதவு, ஜன்னலுக்கு எத்தனை லிட்டர் வார்னிஷ்? கேள்வி பதில்

மண்டபம் ஊரிலிருந்து: தேக்கில் தலைவாசல் கதவு ஒன்று 7க்கு 3½ அடி, உள்கதவு இரண்டு 7க்கு 3 அடி, கண்ணாடி ஜன்னல் நான்கு 4க்கு 4 அடி. கதவுகளில் பலகைச் சட்டங்கள் உண்டு. புது மரத்துக்கு மூன்று கோட் அடிக்க எவ்வளவு வாங்குவது?

பதில்: நிலையையும் சேர்த்து அளந்த அளவுகளாக இவற்றை எடுத்துக்கொள்கிறேன். கதவுகள் மூன்றும் ஒரு பக்கத்துக்கு 66.5 சதுர அடி. பலகைச் சட்டக் கதவில் மேடு பள்ளங்களும் விளிம்புகளும் இருப்பதால், கட்டட அளவீட்டு வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்தையும் 1.3ஆல் பெருக்க வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 173 வரும். கண்ணாடி ஜன்னலில் மரம் குறைவு என்பதால் 64 சதுர அடியை 0.8ஆல் பெருக்கினால் போதும். இரு பக்கத்துக்கும் 102. மொத்தம் 275 சதுர அடி. வெறும் மரம் முதல் கோட்டை உறிஞ்சுவதால் லிட்டருக்கு 80 சதுர அடி என்றும், அடுத்த இரண்டு கோட்டுகளுக்கு 110 என்றும் நான் கணக்கிடுவேன். முதலாவதற்கு 3.4 லிட்டர், மற்ற இரண்டுக்கும் சேர்த்து 5 லிட்டர். பிரஷில் வீணாவதையும் எண்ணி 9 லிட்டர் வாங்குங்கள்.

கீழக்கரை: டப்பாவில் லிட்டருக்கு 110 சதுர அடி என்றுதானே போட்டிருக்கிறது? 275க்கு இரண்டரை லிட்டர் போதுமே.

பதில்: உங்கள் வகுத்தல் சரி, ஆனால் அந்த அளவு ஒரே ஒரு கோட்டுக்கு உரியது, அதுவும் வழவழப்பாகத் தேய்த்த, அதிகம் உறிஞ்சாத பரப்புக்கு. ஐயமிருந்தால் கதவின் ஒரு பக்கத்தில் 200 மில்லி ஊற்றி அடித்து, அது எத்தனை சதுர அடிக்கு வந்தது என்று அளந்து பாருங்கள். 16க்கு மேல் போகாவிட்டால் உங்கள் மரத்துக்கு 80 என்பதே சரி.

பாம்பன்: கடலைப் பார்த்த ஜன்னலில் போன வருஷம் அடித்த வார்னிஷ் தோல் தோலாக உரிகிறது. அதன்மேல் ஒரு கோட் அடிக்க எவ்வளவு வேண்டும்? ஜன்னல் 4க்கு 4 தான்.

பதில்: உரியும் படலத்தின் மேல் எவ்வளவு அடித்தாலும் அதுவும் சேர்ந்தே உரியும். சாதாரணத் தெளிந்த வார்னிஷ் வழியே வெயில் ஊடுருவி மரத்தின் மேற்பரப்பைச் சிதைத்திருக்கலாம்; அல்லது அடிக்கும்போது மரத்தில் உப்புப் படிந்திருந்து, அது ஈரத்தை இழுத்துப் படலத்தைத் தூக்கியிருக்கலாம். நேரில் பார்க்காமல் எது என்று சொல்ல இயலாது. இரண்டுக்கும் வேலை ஒன்றே: சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு, வெயில் தாங்கும் வெளிப்புற வார்னிஷை மூன்று கோட் அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் 12.8 சதுர அடி என்பதால் அரை லிட்டர் போதும்.

ராமேஸ்வரம்: தின்னர் கூடுதலாகக் கலந்தால் லிட்டருக்குப் பரப்பு அதிகம் கிடைக்குமே?

பதில்: பரவும், ஆனால் தின்னர் ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் மெலிந்துபோகும். ஊறுவதற்காக முதல் கோட்டில் மட்டும், டப்பாவில் சொன்ன அளவுக்குள் கலக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.