க்யூஆர் கோடு வாசிக்கப்பட்டாலே சான்றிதழ் உண்மையாகிவிடுமா?

கேள்வி: வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் சான்றிதழ்களைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார்கள். அதில் உள்ள க்யூஆர் கோடைக் கணினியிலேயே வாசித்துச் சரிபார்ப்பது எப்படி?

வாசிப்பது எளிது, வாசித்ததை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இணையவழிப் படிப்புகளுக்கு என்பிடெல் வழங்கும் சான்றிதழையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பங்களோடு அடிக்கடி வருவது அதுதான்.

முதலில் வாசிப்பு. பிடிஎஃப் கோப்பில் க்யூஆர் கோடு சில வேளைகளில் படமாக இருக்கும், சில வேளைகளில் வடிவங்களாக வரையப்பட்டிருக்கும். ஆகவே உள்ளிருக்கும் படங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அது கிடைக்காமலே போகலாம். பக்கம் முழுவதையும் படமாக மாற்றிவிட்டு வாசிப்பதே நம்பகமான வழி. லினக்ஸில் இரண்டே கட்டளைகள் போதும்:

```
pdftoppm -r 300 -png cert.pdf pakkam
zbarimg --raw pakkam-1.png
```

இதில் 300 என்பது ஓர் அங்குலத்துக்கான புள்ளிகளின் எண்ணிக்கை. இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு வரிசைக்கு 57 கட்டங்கள் கொண்ட கோடு இருந்தால், 300 புள்ளிகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 5 புள்ளிகள் கிடைக்கும்; 100 புள்ளிகளில் இரண்டுகூடத் தேறாது, எனவே வாசிப்பு தோற்கும். எதுவும் வரவில்லை என்றால் கோடு போலி என்று எண்ணிவிடாமல், 600 வைத்து இன்னொரு முறை பாருங்கள். கோடு வாசிக்கும் இணையதளங்களில் பிறருடைய சான்றிதழைப் பதிவேற்றுவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கிடைப்பது ஓர் இணைய முகவரியாக இருக்கும். உடனே அதைச் சொடுக்காமல், `https://` என்பதற்கும் அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கும் இடையில் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அது `nptel.ac.in` என்று முடிய வேண்டும். `nptel.ac.in.example.com` என்று இருந்தால் அந்தத் தளம் `example.com` உரிமையாளருடையது. முன்னால் இருக்கும் பெயரை அவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். `ac.in` என்று முடியும் முகவரி கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டுமே தரப்படுவதால் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. முகவரியின் ஓரத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை, ஏனெனில் போலித் தளமும் அதை இலவசமாகப் பெற்றுவிடும்.

முகவரி சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை. கோட்டை ஸ்கேன் செய்தால் தங்கள் களஞ்சியத்திலிருந்து சான்றிதழ் காட்டப்படும் என்று என்பிடெல் சான்றிதழிலேயே அச்சிட்டிருக்கிறது. அப்படித் திறக்கும் பிரதிதான் மூலம். உங்களுக்கு அனுப்பப்பட்ட கோப்பு வெறும் நகல். போலி செய்கிறவர் பெரும்பாலும் கோட்டைத் தொடுவதே இல்லை, எழுத்தை மட்டும் மாற்றுகிறார். ஒருவர் பெற்ற மொத்த மதிப்பெண் 58 என்று வைத்துக்கொள்வோம். அதை 78 ஆக்கி, 75 முதல் 89 வரை பெற்றவர்களுக்கான ‘எலைட் + சில்வர்’ என்ற தகுதியையும் சேர்த்து அனுப்புகிறார். கோடு அசலானது, தளமும் அசலானது, திறக்கும் பக்கத்தில் பெயரும் அவருடையதே. அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டால் அவர் தேறிவிடுவார். ஆகவே பெயர், படிப்பின் தலைப்பு, காலம், மதிப்பெண், பதிவு எண் ஆகிய ஒவ்வொன்றையும் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். களஞ்சியத்துக்குப் போகாமலே தெரியும் ஒரு தடயமும் உண்டு: ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரித்தே அச்சிடப்படுகிறது. ஒப்படைப்பில் 23, தேர்வில் 35 என்று இருக்க, மொத்தம் மட்டும் 78 என்று இருந்தால், திருத்தியவர் கூட்டிப் பார்க்க மறந்துவிட்டார் என்று பொருள்.

வேறு சில சான்றிதழ்களில் முகவரிக்குப் பதிலாகப் பெயரும் எண்ணும் கொண்ட வெறும் உரை வரும். அதை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் உருவாக்கலாம் என்பதால், அச்சிட்ட எழுத்தோடு அது பொருந்துவது எதையும் நிரூபிக்காது. அந்த எண்ணை வழங்கிய நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடிப் போய் அங்கே உள்ளிட்டுப் பார்க்க வேண்டும். இ-ஆதார் இதற்கு நேர்மாறு: அதன் கோட்டுக்குள்ளேயே விவரங்களோடு மின்கையொப்பமும் இருப்பதால், அதற்கென உள்ள செயலி இணையம் இல்லாமலே அந்த விவரங்களில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். சாதாரண கேமரா செயலியில் அது நீண்ட எண் வரிசையாக மட்டுமே தெரியும்; அதைப் பார்த்துக் கோடு பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.