தேதிக்குரிய கிழமையும் இரு தேதிகளுக்கு இடையிலான திங்கட்கிழமைகளும்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் உள்ள ஒரு மெஸ்ஸுக்குத் திங்கட்கிழமைதோறும் இட்லி மாவு கொடுக்கிறோம். எக்செலில் தேதிக்கு அருகில் கிழமை தெரிய வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பில் போடும்போது எத்தனை திங்கட்கிழமைகள் வந்தன என்பதும் தெரிய வேண்டும். 7-ஆல் வகுத்தால் கணக்கு ஒத்துவருவதில்லை. என்ன செய்வது?

பதில்: கிழமையைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றால் சூத்திரமே தேவையில்லை. தேதி உள்ள கட்டத்தில் Ctrl+1 அழுத்தி, Custom என்பதைத் தேர்ந்து, Type பெட்டியில் `ddd dd-mm-yyyy` என்று எழுதினால், தேதி தேதியாகவே இருந்துகொண்டு கிழமையையும் சேர்த்துக் காட்டும். கிழமை தனிப் பத்தியில் தமிழிலேயே வேண்டுமென்றால் கீழுள்ளதைப் பயன்படுத்துங்கள்.

```
=TEXT(A2,"[$-449]dddd")
```

449 என்பது தமிழுக்குரிய குறியீடு. இதன் விடை வெறும் எழுத்து என்பதால் அதை வைத்து நாள் கணக்குப் போட முடியாது. கணக்கு எல்லாம் A2-இல் உள்ள தேதியைக் கொண்டே நடக்க வேண்டும்.

வகுத்தல் ஏன் தவறுகிறது என்பதை 2026 ஜனவரியிலேயே பார்க்கலாம். 6-ஆம் தேதி முதல் 18 வரை உள்ள 13 நாட்களில் 12-ஆம் தேதி ஒன்றுதான் திங்கள். ஆனால் 5 முதல் 19 வரை எடுத்தால், இரண்டே நாட்கள் கூடியும், 5, 12, 19 என மூன்று திங்கள்கள் வந்துவிடுகின்றன. எத்தனை நாட்கள் என்பதோடு, கணக்கு எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதும் விடையைத் தீர்மானிப்பதால், நாட்களின் எண்ணிக்கையை மட்டும் வகுப்பது போதாது. தொடக்கத் தேதி A2-இலும் முடிவுத் தேதி B2-இலும் இருந்தால், எக்செல் 2010 முதல் உள்ள இந்தச் சூத்திரம் இரு முனைத் தேதிகளையும் சேர்த்தே எண்ணித் தரும்.

```
=NETWORKDAYS.INTL(A2,B2,"0111111")
```

ஏழு இலக்கங்களும் திங்களில் தொடங்கி ஞாயிறு வரை வரிசையாக நிற்கின்றன; 0 வேலை நாள், 1 விடுமுறை. திங்களை மட்டும் வேலை நாளாக வைத்திருப்பதால் அது மட்டுமே எண்ணப்படுகிறது. 1-1-2026 முதல் 31-3-2026 வரை இதன் விடை 13. மேற்கோள் குறியை விட்டுவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்து #NUM! என்ற பிழை வரும். எழுதும்போது எக்செல் காட்டும் பட்டியலில் 12 - Monday only என்பதைப் பார்த்து அதையே தேர்ந்துவிட வேண்டாம். அது திங்களை விடுமுறையாகக் கொண்டு மற்ற நாட்களை எண்ணுவதால் 77 என்று காட்டும்.

மெஸ் மூடியிருந்த தேதிகளை F2, F3 கட்டங்களில் எழுதி நான்காவதாகச் சேர்த்தால் அவை கழிந்துவிடும்.

```
=NETWORKDAYS.INTL(A2,B2,"0111111",F2:F3)
```

அங்கே குடியரசு தினமான 26-1-2026-ஐயும் சிவாஜி ஜெயந்தியான 19-2-2026-ஐயும் எழுதினால் விடை 12 ஆகும். முன்னது திங்கள் என்பதால் கழிகிறது. பின்னது வியாழன் என்பதால் கணக்கைத் தொடுவதில்லை.

இவ்வளவு சரியாக எழுதியும் விடை பிசகினால், சூத்திரத்தை விட்டுவிட்டுத் தேதிகளைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், வேறொரு மென்பொருளிலிருந்து இறக்கிய CSV கோப்பில் உள்ள 05/01/2026 என்பதை எக்செல் மே 1 என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை என்கிறது. 12/01/2026 டிசம்பர் 1 ஆகிச் செவ்வாய் ஆகிறது. 19/01/2026 என்பதற்குப் பத்தொன்பதாம் மாதம் இல்லாததால், அது தேதியாக மாறாமல் எழுத்தாகவே நின்றுவிடுகிறது. நீங்களாக வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஒதுக்கி வைக்காத பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும், 12-க்கு மேற்பட்ட நாளுடையவை இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இதுதான் நடந்திருக்கிறது. `=ISNUMBER(A2)` எழுத்தாக நிற்பவற்றுக்கு FALSE என்று காட்டிக் கொடுக்கும்; ஆனால் நாளும் மாதமும் இடம் மாறியவற்றுக்கு TRUE என்றே சொல்லும் என்பதால், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அப்படிக் கலந்துபோன பத்தியை ஒவ்வொரு கட்டமாகத் திருத்த முயல்வதைவிட, மூலக் கோப்பின் பெயரை .txt என்று முடியுமாறு மாற்றி, எக்செலின் File, Open வழியாகத் திறப்பது நல்லது. அப்போது வரும் மூன்று படிகளில் இரண்டாவதில் Comma என்பதைக் குறித்து, கடைசியில் தேதிப் பத்தியைத் தேர்ந்து, Date என்பதில் DMY என்று குறித்துவிட்டால், எல்லாத் தேதிகளும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையிலேயே படிக்கப்படும்.