ஆர்டரை விற்கும் புரோக்கரும் உங்கள் கைக்கு வரும் விலையும்

கேள்வி: அமெரிக்காவில் பல புரோக்கர்கள் பங்கு வாங்க, விற்க கமிஷனே வாங்குவதில்லை. பிறகு எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? அதனால் எனக்குக் கிடைக்கும் விலை கெடுமா?

வருமான வழிகளில் ஒன்று, உங்கள் ஆர்டரையே விற்பது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் ஆர்டர் பெரும்பாலும் பங்குச் சந்தைக்குப் போவதில்லை. சிட்டாடல் செக்யூரிட்டீஸ், விர்ட்டு போன்ற ஹோல்சேலர்களிடம் போகிறது. அவர்களே எதிர்த்தரப்பாக நின்று பங்கைக் கொடுத்துவிட்டு, அந்த ஆர்டரை அனுப்பியதற்காகப் புரோக்கருக்குக் காசு தருகிறார்கள். சில்லறை முதலீட்டாளரின் ஆர்டரை ஏற்பதில் அவர்களுக்கு ஆபத்து குறைவு. பெரிய ஃபண்டு வாங்கத் தொடங்கினால் விலை ஏறிக்கொண்டே போகும், விற்றவர் மாட்டிக்கொள்வார். 200 பங்கு வாங்குபவரால் அந்தப் பயம் இல்லை.

ஒரு பங்கின் சிறந்த வாங்கும் விலை 50.00 டாலர், சிறந்த விற்கும் விலை 50.04 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பங்கு வாங்க மார்க்கெட் ஆர்டர், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கச் சொல்லும் ஆர்டர், போடுகிறீர்கள். ஹோல்சேலர் 50.036-க்குக் கொடுக்கிறார். ‘உங்களுக்கு 80 சென்ட் மிச்சம்’ என்று ஆப் காட்டும். கூடவே பங்குக்கு 0.2 சென்ட் வீதம் 40 சென்ட் புரோக்கருக்குப் போகிறது. இதே ஆர்டரை, பணம் வாங்காத இன்னொரு புரோக்கர் 50.030-க்கு முடித்திருந்தால் உங்கள் மிச்சம் 2 டாலர். ஆக, கமிஷன் பூஜ்யம்தான், ஆனால் 1.20 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த ரசீதிலும் அது வராது.

எல்லாப் புரோக்கரிடமும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஹோல்சேலர் விட்டுத்தரும் லாபத்தில் புரோக்கருக்கு எவ்வளவு, வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்ற பேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ராபின்ஹூட் என்ற கமிஷன் வாங்காத புரோக்கர் நிறுவனம் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. எடுத்த நடவடிக்கையின் மையமும் இதுவே. கமிஷன் மிச்சத்தைக் கழித்த பிறகும் மோசமான விலையால் வாடிக்கையாளர்கள் 3.41 கோடி டாலர் இழந்தார்கள் என்றது ஆணையம். குற்றத்தை ஒப்பவோ மறுக்கவோ செய்யாமல், 2020 டிசம்பரில் 6.5 கோடி டாலர் கட்ட நிறுவனம் சம்மதித்தது.

உங்கள் புரோக்கரைச் சோதிக்க, ‘மிச்சம்’ என்று ஆப் காட்டும் தொகையை நம்ப வேண்டாம். ஆர்டர் போடும் நொடியில் இரண்டு விலைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த இரண்டுக்கும் சரிபாதியில் உள்ள நடுவிலையிலிருந்து உங்கள் விலை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதை இரட்டித்து, இரு விலைகளின் இடைவெளியால் வகுங்கள். மேலே சொன்ன முதல் ஆர்டரில் நடுவிலை 50.02, தள்ளியிருப்பது 1.6 சென்ட், 3.2-ஐ 4-ஆல் வகுத்தால் 80 சதவீதம். இரண்டாவதில் 50 சதவீதம்தான். குறைந்தால் நல்லது. விலை நொடிக்கு நொடி மாறுவதால் ஓரிரு ஆர்டரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முப்பது, நாற்பது ஆர்டராவது சேரட்டும்.

புரோக்கர் எவ்வளவு வாங்குகிறார் என்பது, அவர் காலாண்டுதோறும் வெளியிட வேண்டிய 606 அறிக்கையில் நூறு பங்குக்கு எத்தனை சென்ட் என்று இருக்கும். ஆப்ஷன் பகுதியைத் தனியாகப் பாருங்கள்: அங்கே இடைவெளி அகலம், புரோக்கருக்குப் போகும் தொகையும் பெரிது. அதனால் ஆப்ஷனில் மார்க்கெட் ஆர்டரைத் தவிர்த்து, நடுவிலைக்கு அருகில் லிமிட் ஆர்டர், அதாவது நீங்கள் சொன்ன விலையை விட மோசமான விலைக்கு முடிக்காத ஆர்டர், போடுங்கள். சில சமயம் ஆர்டர் நிறைவேறாமலே போகலாம் என்பதுதான் அதிலுள்ள குறை.