பத்து மாதிரிகளில் ஒன்று எங்கே போனது?

கேள்வி: 2, 4, 5, 7, 17 என்ற ஐந்து எண்களை வைத்துக்கொண்டு, இரண்டிரண்டாக எடுத்தால் என்னென்ன சராசரிகள் வரும் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட உண்மையான சராசரியான 7 ஆகவில்லை. பெரும்பாலானவை அதைவிடக் குறைவு. கிடைத்த ஒன்பது சராசரிகளையும் கூட்டி ஒன்பதால் வகுத்தாலும் 7.28 வருகிறது. பிறகு மாதிரிச் சராசரி பிறழ்ச்சியற்றது, அதாவது எல்லா மாதிரிகளின் சராசரிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உண்மையான சராசரியே வரும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: சிக்கல் அந்த ஒன்பதில்தான் இருக்கிறது. ஐந்து உறுப்புகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள் உண்டு. ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். எதை விட்டீர்கள் என்பதையும் 7.28 என்ற விடையே காட்டிக்கொடுக்கிறது.

எண்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, உறுப்புகளுக்குப் பெயர் வைப்போம். அ = 2, ஆ = 4, இ = 5, ஈ = 7, உ = 17. இனி எல்லாச் சோடிகளும், அவற்றின் சராசரிகளும்:

அஆ 3
அஇ 3.5
அஈ 4.5
அஉ 9.5
ஆஇ 4.5
ஆஈ 5.5
ஆஉ 10.5
இஈ 6
இஉ 11
ஈஉ 12

4.5 இரண்டு முறை வருவதைப் பாருங்கள். அஈ ஒரு மாதிரி, ஆஇ வேறொரு மாதிரி. சராசரி தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே எண்ணாக இருக்கிறதே என்று நீங்கள் ஒன்றை அடித்துவிட்டீர்கள். மீதி ஒன்பதின் கூடுதல் 65.5, ஒன்பதால் வகுத்தால் 7.28. விட்டுப்போன 4.5-ஐச் சேர்த்தால் கூடுதல் 70, பத்தால் வகுத்தால் 7. வகுப்பறையில் இந்தக் கணக்கைப் போடச் சொன்னால் அதிகம் பேர் இடறுவது இதே இடத்தில்தான். மாதிரி என்பது எந்த உறுப்புகள் வந்தன என்பதைப் பொறுத்தது. என்ன விடை வந்தது என்பதைப் பொறுத்ததல்ல. எளிய சமவாய்ப்பு முறையில் பத்துச் சோடிகளுக்கும் தலா பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே 4.5 என்ற விடைக்கு மட்டும் பத்தில் இரண்டு பங்கு வாய்ப்பு. அதை இரண்டு முறை எண்ணியே ஆகவேண்டும்.

7 வந்தது சரி, ஏன் வந்தது? பட்டியலில் 'உ' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு முறை: மற்ற நால்வரோடும் ஒவ்வொரு தடவை. 'அ'வும் நான்கு முறை, 'இ'யும் நான்கு முறை. பெரியது சிறியது என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாருக்கும் நான்கு. அதனால் பத்துச் சோடிகளின் கூடுதல்களையும் ஒன்றாகச் சேர்த்தால், ஐந்து எண்களின் மொத்தமான 35 நான்கு முறை, அதாவது 140 கிடைக்கிறது. ஒவ்வொரு சோடியும் இரண்டால் வகுபட்டதால் 70. பத்துச் சோடிகள் என்பதால் 7. இந்த வழியில் எண்களின் குணம் எங்குமே நுழையவில்லை. 17-க்குப் பதில் 1700 வைத்தாலும் கணக்கு அப்படியே நிற்கும். பொதுவாக N உறுப்புகளிலிருந்து n எடுத்தால், ஒவ்வோர் உறுப்பும் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு n/N. இங்கே 2/5, பத்தில் நான்கு.

ஒரு மாதிரியும் 7 தரவில்லையே என்ற உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். தராது, தரவேண்டிய கட்டாயமும் இல்லை. பிறழ்ச்சியற்றது என்பது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு மாதிரிக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. மாதிரி எடுக்கும் முறையைப் பற்றிய பேச்சு அது. பாதி மேலே, பாதி கீழே என்றும் அதற்குப் பொருள் இல்லை. உங்கள் பட்டியலில் 'உ' இல்லாத ஆறு சோடிகளும் 7-க்குக் கீழே, 'உ' உள்ள நான்கும் மேலே. ஆறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததை நான்கு பேர் அதிகமாகக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள்: கீழே இருப்பவை 7-இலிருந்து விலகும் தூரங்களின் கூடுதல் 15, மேலே இருப்பவற்றின் கூடுதலும் 15.

இரண்டுக்குப் பதில் நான்கு பேரை எடுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. நான்கை எடுப்பதென்றால் ஒன்றை விடுவதுதான். உ, ஈ, இ, ஆ, அ என்று ஒவ்வொன்றாக விட்டால் வரும் சராசரிகள் 4.5, 7, 7.5, 7.75, 8.25. இப்போது மூன்று மேலே, ஒன்று மட்டும் கீழே, ஒன்று சரியாக 7. இவற்றின் சராசரியும் 7-தான். மாதிரியைப் பெரிதாக்கியதால் மையம் நகரவில்லை. 3 முதல் 12 வரை பரவிக் கிடந்த விடைகள் 4.5 முதல் 8.25-க்குள் அடங்கின. பெரிய மாதிரி குறைப்பது சிதறலைத்தான். பிறழ்ச்சி அதற்கு முன்பே சுழியம்.

நடைமுறையில் இது எப்படிக் கெடுகிறது? ஒருவர் குலுக்கி எடுத்தார், ஈஉ வந்தது, சராசரி 12. 'இது நம்பும்படி இல்லையே' என்று சீட்டுகளைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்கினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஈஉ எப்போது வந்தாலும் அவர் இப்படியே செய்வார் என்றால், அவருடைய முறையில் மிஞ்சுவது ஒன்பது சோடிகள். அவற்றின் கூடுதல் 58, சராசரி 6.44. இப்போது எண்ணிப் பாருங்கள்: ஈயும் உவும் மும்மூன்று முறை, மற்ற மூன்றும் நான்கு முறை. எண்ணிக்கை சமன் கெட்ட அந்த இடத்தில்தான் பிறழ்ச்சி நுழைந்தது. அவர் எடுத்துக்கொண்ட மாதிரியை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. தூக்கிப் போட்டதையும் கேட்டால்தான் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சராசரி 7 வந்துவிட்டது என்பதாலேயே முறை எளிய சமவாய்ப்பு முறைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐவரையும் வட்டமாக உட்காரவைத்து, பக்கத்துப் பக்கத்துச் சோடிகளை மட்டும் சம வாய்ப்போடு எடுப்பதாக வைத்துக்கொள்வோம்: அஆ, ஆஇ, இஈ, ஈஉ, உஅ. சராசரிகள் 3, 4.5, 6, 12, 9.5. கூட்டினால் 35, ஐந்தால் வகுத்தால் 7. ஒவ்வொருவரும் இரண்டு முறை வருவதால் இதுவும் பிறழ்ச்சியற்றதே. ஆனால் அவும் இயும் இந்த முறையில் ஒருபோதும் சேர்ந்து வரமாட்டார்கள். சராசரிக்கு அதனால் நட்டமில்லை. கையில் உள்ள ஒரே மாதிரியை வைத்து அந்தச் சராசரியின் மாறுபாட்டைப் பிறழ்ச்சியில்லாமல் மதிப்பிடப் போனால்தான் இடிக்கும். அதற்கு எல்லாச் சோடிகளுக்கும் ஏதோ ஒரு வாய்ப்பாவது இருக்கவேண்டும். உங்கள் பத்து வரிப் பட்டியலில் அது இருக்கிறது, இந்த ஐந்து வரிப் பட்டியலில் இல்லை.