பிஎஸ்5 கேம் டிஸ்க்கை நண்பனுக்கு இரவல் கொடுத்தால் என்ன ஆபத்து? டிஜிட்டலாக வாங்கிய கேமை ஏன் அப்படிக் கொடுக்க முடியவில்லை?

தாராளமாகக் கொடுக்கலாம். நானும் கொடுக்கிறேன். ஆனால் டிஸ்க் கைமாறும்போது கூடவே எது போகிறது, எது போகாது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

பிஎஸ்5-இல் கேம் ஓடுவது டிஸ்க்கிலிருந்து அல்ல. முழுக் கேமும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் ஆகிவிடும். அதன் பிறகு டிஸ்க் ஒரு சாவி மட்டும்தான். கேமைத் திறக்கும்போது அது உள்ளே இருக்கிறதா என்று கன்சோல் பார்க்கும். எல்டன் ரிங் டிஸ்க்கை நண்பருக்குக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். உங்கள் கன்சோலில் கேம் அப்படியே இருந்தாலும் திறக்காது. ஸ்டோரில் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற அதன் கூடுதல் பகுதியும் டிஸ்க் திரும்பி வரும்வரை முடங்கிக் கிடக்கும். அது உங்கள் அக்கவுண்ட்டோடு கட்டப்பட்டது என்பதால் நண்பருக்கும் கிடைக்காது. அவர் மூலக் கேமை மட்டும்தான் ஆடலாம். உங்கள் சேவ் ஃபைல் உங்களிடமே பத்திரமாக இருக்கும். அப்புறம், நண்பரிடம் இருப்பது டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷனா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய ஆபத்து கீறல்தான். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும், அதனால் பாலிஷ் போட்டு ஓரளவு மீட்கலாம். பிஎஸ்5 டிஸ்க் ப்ளூ-ரே வகை. அதில் ஆழம் 0.1 மி.மீ. மட்டுமே. மேலே கடினமான பூச்சு இருப்பதால் சின்னக் கீறலைத் தாங்கிவிடும். அதைத் தாண்டி ஆழமாக விழுந்தால் பாலிஷ் உதவாது.

திரும்பி வந்த டிஸ்க்கைப் போட்டதும் கேம் திறக்கிறது, சரி, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சாவியாகப் பார்க்கும்போது கன்சோல் டிஸ்க் முழுவதையும் படிப்பதில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்; சேவ் ஃபைல் அழியாது. கீறல் ஆழமாக இருந்தால் காப்பி ஆவது பாதியில் நின்று பிழைச் செய்தி வரும்.

டிஜிட்டல் கேமுக்குச் சாவி, நிறுவனத்தின் சர்வரில் உங்கள் அக்கவுண்ட் பெயரில் இருக்கும் உரிமம். அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க விதிமுறைகள் இடம் தருவதில்லை. Console Sharing and Offline Play என்ற வசதியை நண்பரின் கன்சோலில் போட்டுவிடலாமே என்பார்கள். ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு பிஎஸ்5-இல்தான் அது இயங்கும். அதற்கு உங்கள் அக்கவுண்ட்டை அவர் கன்சோலில் திறக்க வேண்டும். ஒரு கேமுக்குப் பதில் நீங்கள் வாங்கிய எல்லாக் கேமும் அவருக்குத் திறந்துவிடும். நான் அதைச் செய்யமாட்டேன்.

ஆனால் டிஜிட்டலில் இரவல் நடக்கவே நடக்காது என்பது உண்மையில்லை. நிண்டெண்டோ 2025-இல் கொண்டுவந்த வர்ச்சுவல் கேம் கார்டில், ஃபேமிலி குரூப்பில் இருப்பவருக்கு ஒரு கேமை 14 நாள் கொடுக்கலாம். அதுவரை உங்களால் ஆட முடியாது, நாள் முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். தொழில்நுட்பம் தயாராகத்தான் இருக்கிறது, பிளேஸ்டேஷனில் அதற்கு இன்னும் அனுமதி இல்லை. அதனால் நண்பர்களோடு மாற்றி மாற்றி ஆடும் கதைக் கேம்களை நான் டிஸ்க்காகவே வாங்குகிறேன்.