ஆசனவாய் பக்கம் கீறிவிட்ட சீழ்க்கட்டி அதே இடத்தில் ஏன் வருது?

"குடியாத்தத்துல ரெண்டு தடவை கீறி சீழ் எடுத்தாங்க. மறுபடி அதே இடத்துல வீக்கம். ஆன்டிபயாடிக் மாத்திப் பார்க்கலாமா?"

மாத்திரை மட்டும் போதாதுங்க. இந்தக் கட்டி பெரும்பாலும் தோலில் கிளம்புறதில்ல. ஆசனவாய்க்குள்ள சுமார் 2 செ.மீ. தள்ளி இருக்கிற சின்னச் சுரப்பி அடைச்சுச் சீழ் பிடிச்சு, மலத்தை அடக்குற சுருக்குத் தசைப் பக்கமா வழி பண்ணிக்கிட்டு வெளியே வந்து வீங்குது. கீறினா தேங்கின சீழ் போயிடும், வலி அன்னைக்கே குறையும். ஆனா சுரப்பி இருக்கிற இடத்துல அந்த வழியோட உள்வாய் திறந்தே கிடந்தா அந்த வழி பவுத்திரமா நிலைச்சிடும். வெளித்துளை மூடினதும் திரும்பச் சீழ் தேங்கும். தழும்பு ஓரத்துல பரு மாதிரி துளை, உள்ளாடையில மஞ்சள் கறை இருக்கா பாருங்க.

இப்போ வலியும் காய்ச்சலும் இருந்தா இன்னைக்கே போய் கீறிக்கணும், சர்க்கரை இருந்தா தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தா வழி எவ்வளவு தசையைக் கடக்குதுன்னு தெரியும். கொஞ்சம்தான்னா வழியையே பிளந்து ஆற விடுவாங்க. நிறையன்னா பிளந்தா மலம் அடங்காம போகலாம். அதனால தளர்வா ஒரு நூல் கோத்து, சீழ் வடிய மாசக்கணக்குல விட்டுட்டு, அடுத்த கட்டமா உள்வாயை அடைப்பாங்க. நூலைப் பார்த்துப் பயந்து நீங்களே எடுத்துடாதீங்க. கிளை வழி ஒண்ணு விட்டுப்போனாலும் திரும்ப வரும். எடுத்த சதையை டி.பி. சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க, நம்ம ஊர்ல அதுவும் காரணமா இருக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில மலக்குடல் அறுவைக்குத் தனிப் பிரிவே இருக்கு.